தேர் அசையும் செக்கனிலிருந்து: யூடியூப் காணொளியை உரிய இடத்தில் தொடங்க வைக்கும் முறை

ஊர்க் கோயில் தேர்த்திருவிழா நேரலை 3 மணித்தியாலம் 42 நிமிடம் 18 செக்கன். அதில் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு வேண்டியது வடம் பிடித்துத் தேர் அசையும் அந்த இடம் மட்டும். லிங்கை அப்படியே அனுப்பினால் "தம்பி, ஒரு மணித்தியாலமாக் கொடிமரத்தைத்தான் காட்டுது" என்று பதில் வரும். ஊர் இணையத்தளத்தில் பதித்தாலும் அதே கதைதான்.

இதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் எந்த இடத்தில் எந்த எழுத்தைப் போடுவது என்று தெரியாவிட்டால் அரை நாள் போய்விடும். வட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்குக்கு ஒரு சொல், இணையத்தளத்தில் பதிக்கும் நிரலுக்கு வேறு சொல். பலர் இடறுவது இங்கேதான். தேர்க் காணொளி ஒன்றையே உதாரணமாக வைத்துத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்துகாட்டுகிறேன். கீழே வரும் `aBcD3fGh1Jk` என்பது மாதிரிக்காக எழுதியது. அந்த இடத்தில் உங்கள் காணொளியின் 11 எழுத்து அடையாளத்தைப் போடுங்கள்.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, காணொளியின் அடையாளம். யூடியூப் லிங்கில் `v=` என்பதற்குப் பின்னால், அல்லது `youtu.be/` என்பதற்குப் பின்னால் வரும் 11 எழுத்துகள் அவை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. ஆகவே கையால் பார்த்து எழுதாமல் கொப்பி பண்ணியே எடுங்கள். பெரிய `I`யும் சின்ன `l`உம் திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இரண்டாவது, சனலை நடத்துபவரின் சம்மதம். வட்ஸ்அப்பில் லிங்க் அனுப்ப இது தேவையில்லை. இணையத்தளத்தில் பதிப்பதென்றால் முதலே ஒரு செய்தி போட்டுவிடுவது நல்லது. மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, வேலைக்கும் அது உதவும். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: "அண்ணை, Allow embedding போட்டிருக்கோ? முன்னுக்கு இருக்கிறதை வெட்டுற யோசனை இருக்கோ? கொப்பிரைட் சிக்கல் ஏதும் வந்ததோ?" இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் கீழே 6ஆம், 7ஆம் பகுதிகளில் சொல்லும் தொல்லைகளில் பாதி வராது.

மூன்றாவது, உங்கள் இணையத்தளத்துக்குள் நுழையும் கணக்கு எந்தத் தரத்தில் இருக்கிறது என்ற விபரம். வேர்ட்பிரஸ் தளம் என்றால் இது முக்கியம். ஏனென்று 5ஆம் பகுதியில் வரும்.

செலவு என்று பார்த்தால் லிங்குக்கும் காசில்லை, பதிப்பதற்கும் காசில்லை. காணொளி யூடியூபிலிருந்தே ஓடுவதால் உங்கள் தளத்தின் இடமும் நிறையாது. செலவாவது பார்ப்பவரின் டேட்டா. அதிலும் ஒரு நன்மை இருக்கிறது. 2 மணித்தியாலம் தாண்டிய இடத்திலிருந்து தொடங்கும் லிங்கைத் திறந்தால் அதற்கு முன்னால் உள்ள இரண்டு மணித்தியாலமும் இறங்காது. கார்ட் போட்டுப் பார்க்கும் ஊர்ச்சனத்துக்கு இது பெரிய உதவி.

## 2. செக்கனைப் பிடிப்பது

இதைக் கணினியில் செய்வது சுகம். காணொளியை ஓடவிட்டு, வேண்டிய இடத்துக்கு அண்மையில் கொண்டுபோங்கள். விசைப்பலகையில் `J` அமத்தினால் 10 செக்கன் பின்னுக்கும் `L` அமத்தினால் 10 செக்கன் முன்னுக்கும் போகும். அம்புக்குறி விசைகள் 5 செக்கன் நகர்த்தும். `K` நிறுத்தும். நிறுத்திவைத்துக்கொண்டு காற்புள்ளி விசையையும் முற்றுப்புள்ளி விசையையும் அமத்தினால் படம் படமாக நகரும். தேர்ச்சில்லு அசையும் அந்தப் படத்தையே பிடித்துவிடலாம்.

எங்கள் உதாரணத்தில் சில்லு அசைவது 2:07:35இல். ஆனால் அந்த நேரத்தையே போடாதீர்கள். இரண்டு காரணம். இணையத்தளத்தில் பதித்த காணொளி சொன்ன செக்கனில் சரியாகத் தொடங்குவதில்லை. அண்மையில் உள்ள முழுப்படம் ஒன்றைத் தேடித்தான் தொடங்கும். அது பெரும்பாலும் இரண்டு செக்கனுக்குள் முன்னால் இருக்கும். மற்றது, பார்ப்பவருக்குக் கண்ணும் காதும் பழக ஓரிரு செக்கன் வேண்டும். "அரோகரா" சத்தம் எழும்பி, சிதறு தேங்காய் உடைந்து, பிறகு தேர் அசைந்தால்தான் பார்க்க ஒரு நிறைவு. ஆகவே 5 செக்கன் முன்னால் போய் 2:07:30 என்று வைத்துக்கொள்வோம்.

இனி இதை முழுச் செக்கனாக்க வேண்டும். மணித்தியாலத்தை 3600ஆலும் நிமிடத்தை 60ஆலும் பெருக்கி, மிச்சச் செக்கனையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

2 × 3600 = 7200
7 × 60 = 420
7200 + 420 + 30 = 7650

7650 என்ற இந்த எண்ணைத்தான் கட்டுரை முழுக்கப் பாவிக்கப்போகிறோம். கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் காணொளியின் முழு நீளத்தையும் (3:42:18) எழுதுங்கள். அது எதற்கு என்று 7ஆம் பகுதியில் தெரியும்.

இந்தக் கணக்கில் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கும். 2:07:30 என்பதில் உள்ள புள்ளிகளை எடுத்துவிட்டு `20730` என்று போடுவது ஒன்று. இந்தக் காணொளி முழுவதுமே 13338 செக்கன்தான், ஆகவே அந்த எண் நீளத்தைத் தாண்டிவிடும். மணித்தியாலத்தையும் நிமிடத்தையும் சேர்த்து `207` என்று போடுவது மற்றது. அப்படிப் போட்டால் காணொளி 3 நிமிடம் 27ஆவது செக்கனில் தொடங்கும். திரும்பவும் கொடிமரந்தான்.

## 3. வட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்க்

கணினியில் இரண்டு வழி உண்டு. வேண்டிய இடத்தில் காணொளியை நிறுத்தி, படத்தின்மேல் மவுசின் வலது பட்டனை அமத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் `Copy video URL at current time` என்பதைத் தெரிவுசெய்தால் லிங்க் கொப்பியாகிவிடும். மற்ற வழி, காணொளிக்குக் கீழே உள்ள `Share` பட்டனை அமத்தி, வரும் பெட்டியின் அடியில் `Start at` என்ற கட்டத்தில் சரி அடையாளம் போடுவது. பக்கத்தில் உள்ள நேரத்தை `2:07:30` என்று மாற்றியெழுதலாம். இந்த இடத்தில் மட்டும் செக்கனாக மாற்றத் தேவையில்லை, மணித்தியாலக் கணக்காகவே எழுதலாம்.

சரியான லிங்க் இந்த இரண்டு வடிவத்தில் ஒன்றாக இருக்கும்:

```
https://youtu.be/aBcD3fGh1Jk?t=7650
https://www.youtube.com/watch?v=aBcD3fGh1Jk&t=7650s
```

கைபேசிச் செயலியில் இந்த வசதி எல்லாரிடமும் ஒரே மாதிரி வருவதில்லை. உங்களுக்கு வராவிட்டால் கையால் ஒட்டுங்கள். `Share` அமத்தி `Copy link` எடுத்து, வட்ஸ்அப் பெட்டியில் ஒட்டிவிட்டு, லிங்கின் வாலில் நேரத்தைச் சேர்ப்பதுதான் வேலை. இங்கே ஒரு விதி இருக்கிறது. லிங்கில் முதலாவதாக வரும் விபரத்துக்கு முன்னால் கேள்விக்குறி, அதன்பின் வரும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் `&`. ஒரு லிங்கில் கேள்விக்குறி ஒருமுறைதான் வரலாம்.

கைபேசியிலிருந்து கொப்பி பண்ணும் லிங்கில் பெரும்பாலும் `?si=` என்று தொடங்கும் நீண்ட வால் ஒன்று ஏற்கெனவே இருக்கும். அதற்குப் பின்னால் இன்னொரு `?t=7650` ஒட்டினால் நேரம் வேலை செய்யாது, காணொளி முதலிலிருந்தே ஓடும். "போட்டேன், ஆனால் வேலை செய்யேல்லை" என்பவர்களின் லிங்கைப் பார்த்தால் அநேகமாக இந்த இரட்டைக் கேள்விக்குறிதான் இருக்கும். `&t=7650` என்று சேர்க்க வேண்டும். அதைவிடச் சுலபம், `?si=`இலிருந்து கடைசிவரை அழித்துவிட்டு `?t=7650` போடுவது. அந்த `si` வால், லிங்க் யார் பகிர்ந்ததென்று யூடியூப் தொடர வைத்தது. காணொளி ஓட அது தேவையில்லை.

லிங்கில் `&list=` என்று ஏதாவது தெரிந்தால் அதையும் அழியுங்கள். நீங்கள் ஒரு பிளேலிஸ்டுக்குள் நின்று கொப்பி பண்ணியதன் அடையாளம் அது. விட்டுவிட்டால் தேர் முடிந்த கையோடு பெரியம்மாவின் திரையில் அடுத்த காணொளி தானாக ஓடத் தொடங்கும்.

அனுப்பும்போது லிங்கைத் தனி வரியில் வையுங்கள். முன்னும் பின்னும் எழுத்து ஒட்டக்கூடாது. வசனம் முடிந்ததென்று எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தால் சில செயலிகள் அந்தப் புள்ளியையும் லிங்கோடு சேர்த்துவிடும்.

## 4. சோதித்த பிறகே அனுப்புங்கள், உங்கள் கணக்கில் சோதிக்காதீர்கள்

நீங்கள் யூடியூபில் உங்கள் கணக்கோடு நுழைந்திருந்தால், பாதி பார்த்த காணொளியை அது விட்ட இடத்திலிருந்து ஓடவைக்கும். தேர் இழுக்கும் இடத்தைத் தேடி நிறுத்தியவரும் நீங்கள்தானே. ஆகவே நேரம் இல்லாத வெறும் லிங்கைத் திறந்தாலும் உங்களுக்குத் தேர் இழுக்கும் இடமே வரக்கூடும். "எனக்குச் சரியாத்தானே ஓடுது" என்று நினைத்து அனுப்புவீர்கள். மற்ற எல்லாருக்கும் அது கொடிமரத்திலிருந்து தொடங்கும்.

ஆகவே பிரவுசரில் `Incognito` அல்லது `Private` சாளரம் ஒன்றைத் திறந்து அதில் லிங்கை ஒட்டிப் பாருங்கள். முதலில் விளம்பரம் வந்தால் வரட்டும். அது முடிந்ததும் 2:07:30இல் தொடங்குகிறதா என்பதுதான் கேள்வி.

இதே பழக்கம் மறுவளமாகவும் வேலை காட்டும். பாதி பார்த்த காணொளியை யூடியூபின் முகப்பிலிருந்து திறந்தால் மேலே முகவரிப் பட்டையில் `&t=1264s` போல ஒன்று தானாகவே ஏறியிருக்கும். அந்த முகவரியைக் கொப்பி பண்ணி அனுப்பினால் முதலிலிருந்து பார்க்க வேண்டிய காணொளி மற்றவருக்கு நடுவில் தொடங்கும். அனுப்புமுன் லிங்கின் வாலை ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.

## 5. இணையத்தளத்தில் பதிப்பது

இங்கே சொல் மாறுகிறது. பதிக்கும் நிரலில் `t` வேலை செய்யாது, `start` என்று எழுத வேண்டும். `2h7m30s` போன்ற எழுத்து வடிவமும் இங்கே செல்லாது, முழுச் செக்கன் எண் மட்டுந்தான்.

யூடியூபில் `Share` அமத்தி, பிறகு `Embed` தெரிவுசெய்து, `Start at` கட்டத்தில் சரி போட்டால் யூடியூபே நிரலை எழுதித் தரும். அதில் அகலம் 560, உயரம் 315 என்று நிலையாக இருக்கும். அது கைபேசித் திரையை விட அகலம், பக்கம் பக்கவாட்டில் ஆடும். எங்கள் வாசகர் பெரும்பாலும் கைபேசியில்தான் பார்க்கிறார்கள் என்பதால் அந்த இரண்டு அளவையும் எடுத்துவிட்டு இப்படிப் போடுவது நல்லது:

```
<iframe
 src="https://www.youtube.com/embed/aBcD3fGh1Jk?start=7650"
 title="தேர்த்திருவிழா: வடம் பிடித்தல்"
 style="width:100%;aspect-ratio:16/9;height:auto;border:0"
 allow="autoplay; encrypted-media; picture-in-picture"
 referrerpolicy="strict-origin-when-cross-origin"
 loading="lazy" allowfullscreen></iframe>
```

இதில் உள்ள `style` வரி, பக்கம் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குக் காணொளியை விரித்து உயரத்தைத் தானே கணக்கிடச் செய்கிறது. கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த காணொளி என்றால் `16/9` என்பதை `9/16` ஆக்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் கறுப்புத்தான். `loading="lazy"` என்றால் வாசகர் அந்த இடத்துக்கு அண்மையில் இறங்கி வரும்வரை காணொளிப்பெட்டி ஏற்றப்படாது. ஒரு பெட்டி, யாரும் ஓடவிடாமலே அரை எம்பிக்கு மேல் இறக்கும். திருவிழாப் பக்கத்தில் பத்துப் பெட்டி வைத்தால் பக்கம் திறக்கவே மாட்டேன் என்று நிற்கும். ஒரு பெட்டியை மட்டும் பதித்து, வசந்தமண்டபப் பூசை, தேரேறுதல், வடம் பிடித்தல், பச்சை சாத்தி என்று மற்ற இடங்களுக்கு 3ஆம் பகுதியில் சொன்ன லிங்குகளைக் கீழே வரிசையாகக் கொடுப்பதையே நான் சொல்வேன்.

குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தவும் வேண்டுமென்றால் `end` சேர்க்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. `end` என்பது காணொளியின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுவது, நீங்கள் தொடங்கிய இடத்திலிருந்து அல்ல. தேர் அசைந்ததிலிருந்து 12 நிமிடம் காட்ட வேண்டுமென்றால் `end=720` பிழை. 7650உடன் 720ஐக் கூட்டி இப்படி எழுத வேண்டும்:

```
?start=7650&end=8370
```

பக்கம் திறந்ததும் தானாக ஓட வேண்டும் என்று சிலர் `autoplay=1` சேர்ப்பார்கள். சத்தத்தோடு தானாக ஓடுவதைப் பிரவுசர்கள் தடுக்கின்றன. கூடவே `mute=1` போட்டால் சத்தமில்லாமல் ஓடும். மேளச்சத்தம் இல்லாத தேரைத் தானாக ஓடவிட்டு என்ன பயன்? வாசகரே அமத்தட்டும்.

நிரலை எங்கே ஒட்டுவது என்பது தளத்தைப் பொறுத்தது. புளொகரில் எழுதும் பெட்டியின் மேல் இடது மூலையில் ஒரு பென்சில் குறி இருக்கும். அதை அமத்தி `HTML view`க்கு மாறித்தான் ஒட்ட வேண்டும். `Compose view`இல் ஒட்டினால் காணொளி வராது, நிரலே எழுத்தாகப் பக்கத்தில் தெரியும்.

வேர்ட்பிரஸில் வெறும் லிங்கை ஒரு வரியில் ஒட்டினாலே காணொளி பதிந்துவிடும். ஆனால் தொடக்க நேரம் தங்குமென்று நம்பி இருக்காதீர்கள். `Custom HTML` என்ற துண்டைச் சேர்த்து அதற்குள் மேலே உள்ள நிரலை ஒட்டுவதுதான் உறுதியான வழி. இதில் அடிக்கடி நடப்பது ஒன்று: ஒட்டி, சேமித்து, பக்கத்தைப் பார்த்தால் காணொளி இருந்த இடம் வெறுமை. திரும்பப் போய்ப் பார்த்தால் நிரலையே காணவில்லை. உங்கள் கணக்கு `Author` அல்லது `Contributor` தரத்தில் இருப்பதுதான் காரணம். பாதுகாப்புக்காக வேர்ட்பிரஸ் அந்தத் தரத்தினர் எழுதும் `iframe`ஐச் சேமிக்கும்போதே நீக்கிவிடும், எச்சரிக்கையும் காட்டாது. தளப் பொறுப்பாளரிடம் `Editor` தரம் கேளுங்கள், அல்லது நிரலை அவரிடம் கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள்.

அப்படிக் கொடுக்கும்போது வேர்ட் கோப்பில் ஒட்டிக் கொடுக்காதீர்கள். நேரான மேற்கோள்குறியை வேர்ட் வளைந்த மேற்கோள்குறியாக மாற்றிவிடும். கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் பிரவுசருக்கு அது மேற்கோள்குறியே அல்ல. `Notepad`இல் சேமித்து `.txt` கோப்பாக அனுப்புங்கள். தமிழ்த் தலைப்பு சிதையாமலிருக்கச் சேமிக்கும்போது `UTF-8` தெரிவுசெய்ய மறக்க வேண்டாம்.

## 6. பெட்டி வந்தும் ஓடாவிட்டால்

பெட்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். காரணம் அதிலேயே இருக்கும்.

`www.youtube.com refused to connect` என்றால் `src`இல் `watch?v=` முகவரியைப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை வேறொரு தளத்துக்குள் காட்ட யூடியூப் விடுவதில்லை. `embed/` வடிவத்துக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

பிற தளங்களில் ஓடுவதைக் காணொளிக்காரர் தடுத்திருக்கிறார் என்ற பொருளில் செய்தி வந்தால் உங்கள் பக்கம் செய்வதற்கு ஒன்றுமில்லை. சனல்காரர் `YouTube Studio`வில் அந்தக் காணொளியின் `Details` பக்கம் போய், அடியில் `Show more` திறந்து, `Allow embedding` என்பதில் சரி போட வேண்டும். வயதுக் கட்டுப்பாடு போட்ட காணொளியும் வெளித்தளங்களில் பெரும்பாலும் ஓடாது. `Unlisted` காணொளி பதித்தால் ஓடும், `Private` ஓடாது.

`Error 153` என்று வந்தால், காணொளி எந்தத் தளத்திலிருந்து கேட்கப்படுகிறது என்ற தகவல் யூடியூபுக்குப் போகவில்லை. கணினியில் சேமித்த `.html` கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து பார்க்கும்போது இது வரும், ஏனென்றால் அங்கே தளமே இல்லை. உண்மையான தளத்தில் ஏற்றிப் பாருங்கள். அங்கேயும் வந்தால் நிரலில் `referrerpolicy` வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் வந்தால் தளத்தின் பாதுகாப்புச் செருகுநிரல் ஏதோ அந்தத் தகவலை மறைக்கிறது. பொறுப்பாளரிடம் `no-referrer` என்ற அமைப்பைத் தேடச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஓடுகிறது, வெளிநாட்டில் ஒரு நாட்டில் மட்டும் ஓடவில்லை என்றால் பாட்டின் உரிமைச் சிக்கலாக இருக்கலாம். தேர் வீதியில் ஒலிபெருக்கியில் போகும் பக்திப்பாட்டோ, நாதஸ்வரத்தில் வாசித்த சினிமாப் பாட்டோ உரிமைக்காரரின் கண்ணில் பட்டால் அவர் சில நாடுகளில் மட்டும் மறிக்கலாம். இங்கிருந்து எத்தனை முறை சோதித்தாலும் இது தெரியவராது. சனல்காரரின் `Studio`வில் அந்தக் காணொளிக்கு நேரே `Restrictions` பகுதியில் தெரியும். 1ஆம் பகுதியில் மூன்றாவது கேள்வியைக் கேட்கச் சொன்னது இதற்குத்தான்.

## 7. நேரலையில் எப்போது நேரம் குறிப்பது

நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரம் குறித்து லிங்க் அனுப்புவது வீண்வேலை. திறப்பவருக்கு அந்த நேரத்தில் நடந்துகொண்டிருப்பதே வரக்கூடும். நேரலை முடிந்து, யூடியூப் அதைப் பதிவாக்கி, முழு நீளமும் திரையில் தெரியும்வரை பொறுங்கள்.

அதன் பின்னும் ஒரு ஆபத்து இருக்கிறது. நேரலைக்காரர் பூசை தொடங்குமுன்னரே கமராவைத் திறந்துவிடுவார். பிறகு ஆறுதலாக இருந்து, `Studio`வின் `Editor`இல் அந்தத் தொடக்கத்தை வெட்டிவிடுவார். லிங்கும் அடையாளமும் மாறாது, ஆனால் உள்ளே எல்லா நேரமும் முன்னுக்கு நகர்ந்துவிடும். வெட்டிய பதிப்புத் தயாராகும்வரை பழையதே ஓடும் என்பதால் அன்று இரவு சரியாக இருந்த லிங்க் மறுநாள் காலை பிழைத்துப்போகும்.

கடதாசியில் குறித்த முழு நீளம் இப்போதுதான் உதவப்போகிறது. அப்போது 3:42:18. இப்போது காணொளியில் 3:23:58 என்று தெரிகிறது என்று வைப்போம். வித்தியாசம் 18 நிமிடம் 20 செக்கன், அதாவது 1100 செக்கன்.

7650 − 1100 = 6550

6550 என்பது 1:49:10. லிங்கில் `t=6550`, பதித்த நிரலில் `start=6550`. `end` போட்டிருந்தால் அதிலும் 1100 கழித்து 7270 ஆக்க வேண்டும். அதை மறந்தால் தேர் அசைந்து 12 நிமிடம் ஓட வேண்டியது அரைமணி தாண்டியும் ஓடும்.

ஆனால் கழித்தவுடன் நம்பிவிடாதீர்கள். கடைசியிலும் கொஞ்சம் வெட்டியிருந்தால் அந்த 1100 முழுவதும் முன்னால் இருந்து போனதல்ல. 1:49:10க்குப் போய்ப் பாருங்கள். இன்னும் சுவாமி தேரேறிக்கொண்டிருந்தால் பின்பக்கத்திலும் வெட்டு விழுந்திருக்கிறது. ஏற்கெனவே நடுவீதியில் தேர் ஓடிக்கொண்டிருந்தால் 1100 சரிவராததற்கு வேறு காரணம் தேட வேண்டும். எதுவானாலும் 2ஆம் பகுதிப்படி திரும்பச் செக்கன் பிடிப்பதே குறுக்குவழி.

சனல்காரர் வெட்டாமல், காணொளியை அழித்துவிட்டுத் திருத்திய பதிப்பைப் புதிதாக ஏற்றினால் அடையாளமே மாறிவிடும். பழைய லிங்க் எல்லாம் செத்துப்போகும். ஏற்றிய காணொளியின் கோப்பை மட்டும் மாற்ற யூடியூப் விடுவதில்லை. ஆகவே வெட்டும் வேலை எல்லாம் முடியட்டும், அதன் பிறகு தளத்தில் பதிப்போம் என்று இரண்டொரு நாள் பொறுப்பதே நல்லது. வட்ஸ்அப்பில் அவசரத்துக்கு அன்றிரவே அனுப்பலாம். அது அடுத்த நாள் பழசாகிவிடும் செய்திதானே.

சனல் உங்களுடையது என்றால் இன்னொரு வழியும் உண்டு. காணொளியின் விபரப் பகுதியில் நேரங்களை வரிசையாக எழுதினால் யூடியூப் அவற்றை அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும்:

```
0:00 வசந்தமண்டபப் பூசை
1:31:40 சுவாமி தேரேறுதல்
1:49:10 வடம் பிடித்தல்
2:52:05 பச்சை சாத்தி
```

முதல் வரி கட்டாயம் `0:00` ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று வரி வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 செக்கனுக்குக் குறையக்கூடாது, நேரம் ஏறுவரிசையில் போக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அத்தியாயம் வராது. இங்கேயும் வெட்டுக்குப் பிறகு எடுத்த நேரத்தைத்தான் எழுத வேண்டும்.

## 8. நேரலை முகநூலில் மட்டும் இருந்தால்

ஊர்க் கோயில்கள் பலதின் நேரலை முகநூலில்தான் நடக்கிறது. அங்கே நம்பிக்கையோடு நேரம் குறித்து அனுப்பும் வசதி இல்லை. "1 மணி 49 நிமிடத்துக்கு இழுத்துப் பாருங்கோ" என்று எழுதி அனுப்புவதுதான் வழி.

அதைவிடப் பெரிய விஷயம் காலக்கெடு. 2025 பெப்ரவரி 19 முதல் முகநூல் நேரலைகளை 30 நாள் மட்டுமே வைத்திருக்கிறது, பிறகு அழித்துவிடும். ஊர்த்தளத்தில் பதித்த முகநூல் நேரலையும் அதோடு போய்விடும், அந்த இடத்தில் வெறும் பெட்டி நிற்கும். கொடியேற்றத்திலிருந்து ஒவ்வொரு நாளும் நேரலை விடும் கோயில் என்றால், கொடியேற்றக் காணொளியின் 30 நாள் கெடு தேர்க் காணொளியின் கெடுவுக்கு முன்னரே முடிந்துவிடும். ஆகவே பக்கத்தை நடத்துபவரிடம் சொல்லி, பூங்காவனம் முடிந்த கையோடு எல்லா நாள் பதிவையும் இறக்கி எடுத்து யூடியூபில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றுமுன்னரே தொடக்கத்தை வெட்டிவிடச் சொன்னால், நீங்கள் குறிக்கும் செக்கன் பிறகு நகராது.